மாடியில் டிவி, கீழே ரவுட்டர்: மொரீஷியஸ் காங்கிரீட் வீட்டில் வயரா, வைஃபையா?

1960 பிப்ரவரியில் கரோல் புயல் அடித்துவிட்டுப் போன பிறகு மொரீஷியஸில் வீடு கட்டும் முறையே மாறியது. மரச்சுவரும் தகரக் கூரையும் மெல்ல மெல்லக் குறைந்து, கம்பி கட்டிய காங்கிரீட் வந்தது. இன்றைக்கும் தட்டைக் கூரையில் கம்பிகளை நீட்டிவிட்டு வைத்திருக்கும் வீடுகளைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஒரு தளம் எழுப்பிக்கொள்ளலாம் என்ற கணக்கு அது. புயலுக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. வைஃபைக்கு இதைவிட மோசமான வீடும் கிடையாது.

ஃபைபர் பெரும்பாலும் கீழ்த்தளத்து முன்னறைக்குத்தான் வருகிறது. ரவுட்டர் அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். மாடியில் குடித்தனம் நடத்தும் மகனோ தம்பியோ பெரிய ஸ்மார்ட் டிவி வாங்கி மாட்டுகிறார். ராத்திரி ஏழரை மணிக்கு நாடகம் ஓடும்போது வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. உடனே இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டு, இன்னும் பெரிய பிளானுக்கு மாறுகிறார்கள். வட்டம் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த ஒரு நிலைமையை மட்டும் எடுத்துக்கொண்டு, எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது எப்படி, வயர் இழுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது எப்படி, இழுப்பதானால் அதைச் சரியாகச் செய்வது எப்படி என்று சொல்கிறேன். உதாரணத்துக்கு ரோஸ் ஹில்லில் நான் பார்த்துக் கொடுத்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழே அண்ணன் குடும்பம், மேலே தம்பி குடும்பம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபைபர் இணைப்பு. பிளான் 150 மெகாபிட். அண்ணன் டிவியில் ஒரு தொந்தரவும் இல்லை. தம்பி டிவியில் தினமும் தகராறு.

வேகம் வேறு, சீர் வேறு

ஸ்ட்ரீமிங்குக்கு வேண்டிய வேகம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. நெட்ஃப்ளிக்ஸ் தன் 4கே படங்களுக்கு 15 மெகாபிட் இருந்தால் போதும் என்கிறது, 1080பி-க்கு 5 மெகாபிட். அப்படியென்றால் 150 மெகாபிட் வரும் வீட்டில் ஏன் நிற்கிறது?

டிவியில் இருக்கும் ஆப் படத்தைத் தொடர்ச்சியான ஓட்டமாக வாங்குவதில்லை. சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வாங்கி, முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து காட்டுகிறது. நம் ஊர் கூரைத் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான்: குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும், தொட்டியில் இருப்பு இருக்கும்வரை சமையலறையில் யாருக்கும் தெரியாது. சினிமாவோ பழைய எபிசோடோ ஓடும்போது ஆப் நிறையவே முன்கூட்டிச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் நேரலை கிரிக்கெட்டுக்கு அது முடியாது, இன்னும் நடக்காத ஓவரை யாரும் சேர்த்து வைக்க முடியாதே! சில நொடி இருப்புதான். வைஃபை ஐந்தாறு நொடி தடுமாறினால் சினிமாவில் ஒன்றும் ஆகாது, கிரிக்கெட்டில் படம் நின்றுவிடும். "படம் நல்லாத்தான் ஓடுது, மேட்ச் மட்டும் நிக்குது" என்று சொல்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் வேகம் குறையவில்லை, சீர்தான் கெட்டிருக்கும்.

சாதாரண ஸ்பீட் டெஸ்ட் இதைக் காட்டாது. அது சில நொடிகளுக்கு அளந்து சராசரியைச் சொல்லிவிட்டுப் போய்விடும். நடுவில் ஒரு நொடி முழுக்க ஒன்றுமே வரவில்லை என்பது அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகும்.

முதலில் டிவியையே கேளுங்கள்

யூடியூப் ஆப்பில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, செட்டிங்ஸ் சக்கரத்தைத் திறந்து `Stats for nerds` என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரையின் மேல் எழுத்துகள் வரும். அதில் பார்க்க வேண்டியது இரண்டுதான். `Buffer Health` என்பது எத்தனை நொடி இருப்பு இருக்கிறது என்று சொல்வது. `Dropped Frames` என்பது டிவி காட்டாமல் தவறவிட்ட சட்டகங்களின் எண்ணிக்கை.

தகராறு நடக்கும் அதே நேரத்தில், அதாவது ராத்திரியில், பத்து நிமிடம் இதைப் பாருங்கள். இருப்பு குறைந்து குறைந்து பூஜ்யத்துக்கு வந்து அதனால் படம் நின்றால், சங்கதி இணைப்பில்தான். இருப்பு நிறைய இருக்கும்போதே படம் வெட்டி வெட்டி ஓடினால், தவறவிட்ட சட்டகங்களும் ஏறிக்கொண்டே போனால், டிவியின் சிப் திணறுகிறது என்று அர்த்தம். அதற்கு லேன் கேபிள் மருந்தாகாது. டிவியை மின்சாரத்திலிருந்து கழற்றி ஒரு நிமிடம் கழித்து மாட்டுவது, தேவையில்லாத ஆப்களை நீக்குவது, அதுவும் போதாதென்றால் தனி ஸ்ட்ரீமிங் பெட்டி வாங்குவது என்று வேறு வழியில் போக வேண்டும்.

ரோஸ் ஹில் வீட்டில் மாடி டிவியில் இருப்பு கொஞ்சம் ஏறுவதும், திடீரென்று வடிவதுமாக இருந்தது. தவறிய சட்டகங்கள் ஒன்றிரண்டுதான். சரி, இணைப்பு என்று ஆகிவிட்டது. ஆனால் வீட்டுக்குள்ளா, வெளியிலா?

அடுத்தது லேப்டாப்

இதற்கு ஒரு லேப்டாப் வேண்டும். அதை டிவிக்குப் பக்கத்தில், முடிந்தால் டிவி இருக்கும் அதே உயரத்தில் வைத்து, வைஃபையில் இணையுங்கள். டிவி எந்த வைஃபை பெயரில் இருக்கிறதோ அதே பெயரில். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து `ipconfig` அடித்தால் `Default Gateway` என்ற வரியில் ரவுட்டரின் முகவரி வரும். பல வீடுகளில் `192.168.1.1` அல்லது `192.168.100.1` என்று இருக்கும். பிறகு இதை அடியுங்கள்:

```
ping -n 200 192.168.1.1
```

இது ரவுட்டரை இருநூறு முறை கூப்பிட்டு, ஒவ்வொரு முறையும் பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று காட்டும். மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். மேக் கணினியில் `-n`-க்குப் பதில் `-c`. இங்கே கேள்வி வீட்டைத் தாண்டிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவே காற்றும் காங்கிரீட்டும் மட்டும்தான்.

நல்ல வைஃபை என்றால் பதில்கள் 2, 3, 5 என்று சின்ன எண்களாக வரும். எப்போதாவது 20, 30 வந்தாலும் பரவாயில்லை. மோசமான வைஃபையில் 4, 6, 5 என்று வந்துகொண்டே இருந்து திடீரென்று 400 என்று குதிக்கும், அல்லது `Request timed out` என்று வரும். இந்தக் குதிப்புகள்தான் உங்கள் மேட்சை நிறுத்துகிறவை.

பிறகு அதே லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய், ஒரு லேன் கேபிளால் ரவுட்டரில் நேரடியாகச் சொருகி, வைஃபையை அணைத்துவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். அதோடு `8.8.8.8` என்ற முகவரிக்கும் ஒரு முறை செய்யுங்கள். இது வீட்டைத் தாண்டி வெளியே போய்வரும் சோதனை. இங்கே எண் எவ்வளவு என்பது முக்கியமில்லை, ஒரே மாதிரி வருகிறதா என்பதுதான் முக்கியம்.

தம்பி வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு மாடியில் வந்த பதில்கள் பெரும்பாலும் 3-லிருந்து 8 மில்லிசெகண்டுக்குள். நடுநடுவே 300, 600. இருநூறில் ஐந்து காணாமலே போயின. கீழே கேபிளில் 1 மில்லிசெகண்டுக்கு மேல் ஒன்றுகூட இல்லை, வெளிச் சோதனையும் ஆடாமல் இருந்தது. இணைய நிறுவனத்தின் மேல் குற்றம் இல்லை, பெரிய பிளானால் ஒரு பயனும் இல்லை என்று இந்த இரண்டு சோதனையே சொல்லிவிட்டது. கேபிளில் செய்த வெளிச் சோதனையும் தாறுமாறாக ஆடியிருந்தால், இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவைத்துவிட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: லேப்டாப்பின் ஆன்டெனா டிவியினுடையதைவிட நல்ல இடத்தில் இருக்கிறது. டிவியின் ஆன்டெனா பின்பக்கம், சுவரை ஒட்டி, ஒரு பெரிய பேனலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. லேப்டாப்பில் சுமாராக வந்தால் டிவியில் அதைவிட மோசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாடியில் ஏன் கெடுகிறது

ரவுட்டர் இரண்டு அலைவரிசையில் பேசுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது. கம்பி வலை கட்டிய தளத்தைத் தாண்டினால் அதில் மிச்சம் இருப்பது சொற்பம். 2.4 கிகாஹெர்ட்ஸ் தளத்தைத் தாண்டி வந்துவிடும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத வைஃபை சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. ரோஸ் ஹில் மாதிரி வீடுகள் நெருங்கிய இடத்தில் ராத்திரி ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் இந்த மூன்றுக்குள் அடித்துப்பிடித்துக்கொண்டிருக்கும். பகலில் நன்றாக ஓடி ராத்திரியில் கெடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டு டிவி முன்னால் நின்று பாருங்கள். சிக்னல் மைனஸ் எண்ணாக வரும். -50, -60 நல்லது. -67 வரை வீடியோவுக்குத் தாங்கும். -75-க்குக் கீழே போனால் நம்பக் கூடாது. தம்பி வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் -78, 2.4 கிகாஹெர்ட்ஸ் -61. அதாவது ஒன்று பலமில்லை, மற்றது பலமிருந்தும் நெரிசல். டிவி இரண்டுக்கும் நடுவே மாறி மாறித் தாவிக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். டிவியின் யூஎஸ்பியில் ஹார்ட் டிஸ்க் சொருகியிருந்தால் கழற்றிவிட்டு ஒருமுறை சோதியுங்கள். யூஎஸ்பி 3.0 சாதனங்களும் அவற்றின் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். சில வீட்டில் இதோடு வேலை முடிந்துவிடும்.

வயரில் வேகம் குறைவாகக் காட்டும், பயப்பட வேண்டாம்

கடைகளில் கிடைக்கும் ஸ்மார்ட் டிவிகளில் பெரும்பாலானவற்றின் லேன் போர்ட் 100 மெகாபிட் போர்ட்தான். விலை உயர்ந்த மாடல்களிலும் இப்படித்தான். ஆகவே எவ்வளவு பெரிய பிளான் வைத்திருந்தாலும், கேபிளில் ஸ்பீட் டெஸ்ட் 93, 94-ஐத் தாண்டாது. அதே டிவி ரவுட்டருக்குப் பக்கத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் 140, 200 என்று காட்டும். இதைப் பார்த்துவிட்டு, "கேபிள் போட்டேன், வேகம் பாதியாயிடுச்சு" என்று கழற்றிப் போட்டவர்கள் பலர்.

15 மெகாபிட் கேட்கும் படத்துக்கு 94 தாராளம். அந்த 94 ராத்திரி எட்டு மணிக்கும் 94-ஆகவே இருக்கும் என்பதுதான் கேபிளின் சிறப்பு. இந்தப் போர்ட் உண்மையிலேயே போதாமல் போவது ஒரே இடத்தில்தான்: வீட்டுக் கணினியில் அல்லது சேமிப்புப் பெட்டியில் 4கே ப்ளூரேயைச் சுருக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு டிவியில் பார்ப்பவர்களுக்கு. அதில் சில காட்சிகள் 100 மெகாபிட்டைத் தாண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, அல்லது கிகாபிட் போர்ட் உள்ள தனிப்பெட்டி. நெட்ஃப்ளிக்ஸ், யூடியூப், தமிழ் ஆப்கள் மட்டும் பார்ப்பவர்கள் இதை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

இரண்டு டிவி, இரண்டு முடிவு

தம்பி டிவிக்குக் கேபிள் என்று நான் சொன்னதும் கீழே இருந்த அண்ணனும், "அப்போ எனக்கும் போட்டுடுங்க" என்றார். அவர் டிவி ரவுட்டர் இருக்கும் அதே அறையில், நடுவில் சுவர் இல்லாமல் இருக்கிறது. சிக்னல் -48. ரவுட்டருக்கு அனுப்பிய சோதனையில் ஒரு குதிப்பும் இல்லை. அங்கே கேபிள் போட்டாலும் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, சுவரில் ஒரு வெள்ளைக் கோடுதான் மிச்சம். வேண்டாம் என்று சொன்னேன்.

என் கணக்கு இதுதான். ரவுட்டரும் டிவியும் ஒரே அறையில் அல்லது நடுவே ஒரே ஒரு செங்கல் சுவரோடு இருந்து, 5 கிகாஹெர்ட்ஸ் -65-க்கு மேல் வந்து, ராத்திரிச் சோதனையில் குதிப்பு இல்லையென்றால் வைஃபையே போதும். டிவி எப்போதும் 5 கிகாஹெர்ட்ஸில்தான் இருக்க வேண்டும் என்பதற்காக, ரவுட்டர் செட்டிங்கில் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, டிவிக்கு 5-இன் பெயரை மட்டும் கொடுங்கள். நடுவே காங்கிரீட் தளம் இருந்தால் வைஃபையோடு மல்லுக்கட்டி நேரம் வீணாக்க வேண்டாம். ரவுட்டரை இங்கே நகர்த்தி, அங்கே நகர்த்தி, ஆன்டெனாவைத் திருப்பி ஒரு மாதம் போகும், அடுத்த வீட்டில் புது ரவுட்டர் வந்ததும் மறுபடி முதலிலிருந்து.

கேபிளை மேலே கொண்டுபோவது

தளத்தில் துளை போடுவது கடைசி வழி. கம்பியில் டிரில் மாட்டும், தண்ணீர் கசியும், வீட்டுக்காரம்மா திட்டுவார். அதற்கு முன் சுவரில் ஏற்கெனவே குழாய் இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய ஆன்டெனாவுக்கோ டிஷ்ஷுக்கோ கூரையிலிருந்து கீழ்த்தள முன்னறைவரை ஒரு குழாய் போட்டிருப்பார்கள். மாடி வழியாகத்தான் அது இறங்கும். ரோஸ் ஹில் வீட்டில் டிஷ் எப்போதோ போய்விட்டது, கறுப்பு கோஆக்ஸ் கேபிள் மட்டும் குழாய்க்குள் சும்மா கிடந்தது.

அந்தக் கேபிளையே இழுகயிறாகப் பயன்படுத்தலாம். மாடியில் குழாய் வாய் இருக்கும் பெட்டியில் கோஆக்ஸைப் பிடித்து வெட்டி, அதன் நுனியில் புதிய லேன் கேபிளையும் ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து, தடிமன் படிப்படியாகக் குறையும்படி டேப் சுற்றுங்கள். லேன் கேபிளின் நுனியில் பிளக் இருக்கக் கூடாது, அது வளைவில் சிக்கிக்கொள்ளும். ஒருவர் கீழே நின்று கோஆக்ஸை இழுக்க, ஒருவர் மேலே நின்று கேபிளை நிதானமாக உள்ளே விட வேண்டும். இறுக்கமாக இருந்தால் கேபிள் மேல் கொஞ்சம் முகப்பவுடர் தூவலாம். நைலான் கயிறு குழாய்க்குள்ளேயே இருக்கட்டும், பிற்பாடு இன்னொரு கேபிள் இழுக்க உதவும். டிஷ் இன்னும் உபயோகத்தில் இருந்தால் கோஆக்ஸைத் தொடாமல், எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் ஸ்பிரிங்கை விட்டு இழுக்க வேண்டும். இரண்டும் ஒரே குழாயில் இருந்தால் தப்பில்லை. 230 வோல்ட் மின்கம்பி போகும் குழாயில் மட்டும் லேன் கேபிளை ஒருபோதும் விடாதீர்கள். இரைச்சல் ஒருபக்கம், உயிர் ஆபத்து இன்னொரு பக்கம்.

கேபிள் வாங்கும்போது கேட்5இ போதும். கேட்6-க்கு விலை வித்தியாசம் சிறிதென்றால் அதை வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் எழுதியிருப்பதெல்லாம் டிவிக்கு வீண். முக்கியமானது உள்ளே இருக்கும் கம்பி. அது முழுச் செம்பாக இருக்க வேண்டும். மலிவு ரகத்தில் அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசி விற்கிறார்கள், வளைத்து இழுத்தால் உள்ளே முறிந்துவிடும். ஒரு துண்டை வாங்கிக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். நீளத்தைப் பற்றிப் பயம் வேண்டாம், 100 மீட்டர் வரை போகும். தம்பி வீட்டுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் தளர்ச்சி விட்டு 18 மீட்டர் ஆனது.

இழுத்து முடித்த பிறகு இரண்டு முனையிலும் பிளக் போட வேண்டும். பிளக்கின் கொக்கி கீழ்ப்பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, இடமிருந்து வலமாக நிறங்கள் இப்படி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் ஒரே வரிசை. பிறகு மலிவான கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறதா என்று பாருங்கள். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளே போதும் என்பதால், ஒரு கம்பி செத்திருந்தாலும் டிவி பல நேரம் ஒழுங்காக ஓடிவிடும். ஆனால் நாளைக்கு அந்த இடத்தில் வேறு சாதனம் வைக்கும்போது தொந்தரவு கிளம்பும், இப்போதே சரிசெய்துவிடுவது மேல்.

குழாயே இல்லையென்றால் வெளிச்சுவர் வழி. இதற்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிள் வேண்டும். உள்ளே நுழையும் துளைக்கு முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், துளைக்குள் போகாது. புயல் காற்று பிய்க்காதபடி நெருக்கமாகக் கிளிப் அடியுங்கள். இடி மின்னல் பக்கத்தில் விழுந்தால் வெளியே ஓடும் செம்புக் கேபிளில் மின்னழுத்தம் பாயும். தெருவிலிருந்து வரும் ஃபைபர் கண்ணாடி, அதில் இந்தக் கவலை இல்லை, இதில் உண்டு. ஆகவே கோடையில் இடி மழை வரும்போதும், 2ஆம் வகுப்புப் புயல் எச்சரிக்கை அறிவித்தவுடனும் டிவியின் பவரோடு இந்த லேன் கேபிளையும் இரண்டு முனையிலும் கழற்றிவிடுங்கள்.

கேபிள் இழுக்கவே முடியாதென்றால்

வாடகை வீட்டில் இந்த நிலைமை வரும். மின்கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்டர் ஜோடியை முதலில் நினைப்பார்கள். மாடிக்குத் தனி மீட்டர் வாங்கியிருக்கும் வீட்டில் அது அநேகமாகச் சரிவராது, சிக்னல் இரண்டு மீட்டரையும் தாண்டிப் போய்வர வேண்டும். ஒரே மீட்டர் என்றால் முயன்று பார்க்கலாம். நேராகச் சுவர் சாக்கெட்டில் சொருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகினால் பாதி பலம் போய்விடும். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ரிப்பீட்டரை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரே அலைவரிசையில் கேட்டு அதையே திருப்பிச் சொல்லும் மலிவு ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும், நெரிசலையும் கூட்டும். கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் ஜோடி அதைவிட மேல், மேல்பெட்டியை மாடிப்படி வாசலில், கீழிருந்து திறந்த வழியாக அலை ஏறிவரும் இடத்தில் வைத்தால் நன்றாகவே ஓடும். ஆனால் மெஷ் பெட்டியிலிருந்து டிவிக்கு லேன் கேபிள் போட்டுவிட்டு "நான் வயரில் இருக்கிறேன்" என்று நினைத்துவிடாதீர்கள். டிவியும் அப்படித்தான் காட்டும். அந்தப் பெட்டிக்கும் கீழ்ப் பெட்டிக்கும் நடுவே இன்னும் காற்றுதான். முதலில் சொன்ன ரவுட்டர் சோதனையை அந்தக் கேபிளில் சொருகிய லேப்டாப்பில் செய்தால் உண்மை தெரிந்துவிடும்.

கேபிள் மேலே போய்விட்டால் அதை டிவியோடு நிறுத்த வேண்டியதில்லை. தம்பி வீட்டில் மேல் முனையில் ஒரு சின்ன ஆக்சஸ் பாயின்ட் வைத்து, டிவியை அதன் போர்ட்டில் சொருகினோம். மாடியில் இருக்கும் போன்களுக்கு அதுவே வைஃபை கொடுக்கிறது. பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடந்தால் அதையும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றி இப்படிப் பயன்படுத்தலாம்.

டிவியில் மாற்ற வேண்டியது

சாம்சங் டிவியில் நெட்வொர்க் செட்டிங்கில் `Open Network Settings` போய் `Wired` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்ஜியில் `Wired Connection (Ethernet)`. கூகுள் டிவி வகைகளில் கேபிளைச் சொருகியதும் தானாக மாறிக்கொள்ளும். எந்த டிவியானாலும் வைஃபையை அணைத்துவிடுங்கள் அல்லது பழைய வைஃபை பெயரை மறக்கச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கேபிள் லூசானாலும் டிவி சத்தமில்லாமல் வைஃபைக்குப் போய்விடும், பழைய தகராறு திரும்பி வரும், கேபிளின் மேல் பழி விழும்.

பிறகு டிவியிலேயே ஸ்பீட் டெஸ்ட். 90-க்கு மேல் வந்தால் சரி. 9 மெகாபிட் என்று வந்தால் இணைப்பு 10 மெகாபிட் கணக்கில் சேர்ந்திருக்கிறது, பிளக் சரியாக அழுந்தவில்லை. வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். ரவுட்டரின் போர்ட்டில் விளக்கே எரியவில்லை என்றால் வரிசை மாறியிருக்கும்.

தம்பி டிவியில் 93 வந்தது. ராத்திரி எட்டு மணிக்கும் அதே 93. `Buffer Health` ஏறி நின்ற இடத்தில் நின்றது. நேரலை மேட்ச் ஒரு தடவையும் நிற்கவில்லை.

ஆனால் சில நாள் கழித்து தம்பி மனைவி கூப்பிட்டார்: "அண்ணே, எல்லாம் நல்லா இருக்கு, அந்த ஒரு தமிழ்ச் சேனல் ஆப் மட்டும் இன்னும் நிக்குது." போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதே ஆப்பைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அங்கேயும் நின்றது. இது வீட்டுக்குள் இருக்கும் சங்கதி இல்லை. பெரிய சேவைகள் தங்கள் படங்களின் பிரதியைப் பல நாடுகளின் இணைய நிறுவனங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. சின்ன சேனல்களுக்கு அந்த வசதி இருக்காது. படம் இந்தியாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ கடலடிக் கேபிள் வழியாக வர வேண்டும். பே ஜாக்கோதே கரையில் ஏறும் சேஃப் கேபிள் ஒருபக்கம் கொச்சிக்கும் மறுபக்கம் தென்னாப்பிரிக்காவுக்கும் போகிறது. அவ்வளவு தூரத்தில் ஒரு துண்டு தவறினால் மறுபடி கேட்டு வாங்கவே நேரமாகும், அந்த சேனலின் சர்வரும் ராத்திரியில் நெரிசலாக இருக்கும். அந்த ஆப்பில் தரத்தை `Auto`-விலிருந்து 720பி-க்கு இறக்கி வைக்கச் சொன்னேன். நேரலையை விட்டுவிட்டு, அரைமணி கழித்து அதே எபிசோடைப் பதிவாகப் பார்த்தால் அந்தத் தொந்தரவும் இல்லை. இப்போது அவர் நாடகத்தை எட்டு மணிக்குத்தான் பார்க்கிறார்.